இருவர் சேர்ந்து நடத்தும் பட்டறைக்கு எந்த வடிவம்: புரொப்ரைட்டரா, பார்ட்னர்ஷிப்பா, பிரைவேட் லிமிடெட்டா?

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் நானும் என் மச்சானும் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறோம். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கைப்பிடிக் கம்பிகள், குழாய் தாங்கிகள், ஏணி மேடைகள் முதலியவற்றைச் செய்து, அங்கேயே கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது எங்கள் வேலை. நாங்கள் பார்ட்னர்ஷிப்பாக இருந்த காலத்தில் ஒரு வாடிக்கையாளர் ஏழரை லட்ச ரூபாயைத் தராமல் இழுத்தடித்தபோது, லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு வழக்கறிஞரின் அறைக்கு எல்லாக் காகிதங்களையும் பையில் போட்டுக்கொண்டு போனோம். பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், சரக்கு பெற்றுக்கொண்ட கையெழுத்து என ஒன்று விடாமல் பார்த்த அவர், கடைசியில் "ஃபர்ம் பதிவுச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார். பான் அட்டையையும் ஜிஎஸ்டி சான்றிதழையும் நீட்டினேன். அவர் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த நிலையில் உங்கள் நிறுவனம் வழக்கே போட முடியாது என்றார்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு நான் படித்ததையும் அலைந்ததையும், இருவர் சேர்ந்து சிறுதொழில் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வரிக் கணக்குகள் அனைத்தும் 2025-26 நிதியாண்டின் விகிதப்படி, தனிநபருக்குப் புதிய வரி முறையைக் கொண்டு போடப்பட்டவை.

1. வரியைப் பார்ப்பதற்கு முன், கடன் யார் தலையில் விழும் என்று பாருங்கள்

புரொப்ரைட்டர் தொழிலில் தொழிலும் ஆளும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். கடையின் கடன் வீட்டின் கடன். பட்டறையின் பெயர்ப்பலகையில் என்ன பெயர் இருந்தாலும், இரும்பு வியாபாரி உங்கள் மீதே வழக்குப் போடுவார். உங்கள் பெயரில் உள்ள வீட்டு மனை வரைக்கும் அவர் வரலாம்.

பார்ட்னர்ஷிப்பில் இது இன்னும் ஒரு படி மோசம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்குப் பங்குதாரர்கள் எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. என் மச்சான் நிறுவனத்தின் பெயரில் 10 லட்சத்துக்கு இரும்புத் தகடு கடனுக்கு எடுத்தால், கடன் கொடுத்தவர் அந்த 10 லட்சத்தையும் என் ஒருவனிடமே கேட்கலாம். "எனக்குப் பாதிப் பங்குதான்" என்ற பேச்சு எங்கள் இருவருக்குள் செல்லுமே தவிர, வெளியாரிடம் செல்லாது.

பிரைவேட் லிமிடெட் தனி ஆள் போல நிற்கும். பங்குக்கு நீங்கள் போட்ட பணம் போகலாம், வீடு போகாது. ஆனால் இந்தக் கவசத்தில் சில ஓட்டைகள் உண்டு. வங்கி கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது இயக்குநர்களிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்பது வழக்கம். அதைப் போட்டபின் அந்தக் கடனைப் பொறுத்தவரை கம்பெனி இருப்பதும் இல்லாததும் ஒன்றே. கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத வருமான வரியையும் ஜிஎஸ்டியையும் அக்காலத்து இயக்குநர்களிடம் கேட்கலாம். தம்முடைய பெரும் கவனக்குறைவாலோ கடமை தவறியதாலோ அந்த வரி வசூலாகாமல் போகவில்லை என்று நிரூபிக்கும் சுமை இயக்குநருடையது. காசோலை திரும்பினால் கையெழுத்திட்டவர் மீதும் குற்ற வழக்கு வரும்.

அப்படியானால் கம்பெனி எதிலிருந்துதான் காக்கிறது? உத்தரவாதம் இல்லாத வியாபாரக் கடன்களிலிருந்தும், வாடிக்கையாளர் கேட்கும் நஷ்ட ஈட்டிலிருந்தும். எங்களைப் போல அடுத்தவர் ஆலைக்குள் போய் வெல்டிங் வைப்பவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய பயம். ஒரு தீப்பொறி அங்கே என்ன செய்யும் என்பதைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு வரக்கூடிய மிகப் பெரிய இழப்பு வங்கிக் கடன் மட்டுமே என்றால், பொறுப்பு என்ற காரணத்துக்காகக் கம்பெனி தொடங்குவதில் பெரிய பயனில்லை. ஆலை வேலை, ஏற்றுமதிச் சரக்கு, பெரிய கடன் கொள்முதல் என்றால் பயனுண்டு.

2. உங்கள் லாபத்தை மூன்று வடிவங்களிலும் போட்டுப் பாருங்கள்

எங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். உரிமையாளர்கள் சம்பளம் எடுப்பதற்கு முன் ஆண்டு லாபம் 20 லட்சம், உழைப்பவர்கள் இருவர், இருவருக்கும் வேறு வருமானம் இல்லை.

புரொப்ரைட்டராக ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் 20 லட்சமும் அவருடைய வருமானம். முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. அடுத்தடுத்த நான்கு லட்சங்களுக்கு 5, 10, 15, 20 சதவீதம். மொத்தம் 2 லட்சம். 4 சதவீத செஸ் சேர்த்தால் 2,08,000 ரூபாய்.

பார்ட்னர்ஷிப்புக்கு அடுக்கு விகிதம் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், செஸ்ஸுடன் 31.2 சதவீதம். ஆனால் உழைக்கும் பங்குதாரருக்குத் தரும் சம்பளத்தை ஒரு வரம்புக்குள் கழிக்கலாம்: லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இவற்றில் எது அதிகமோ அது, மீதியில் 60 சதவீதம். எங்கள் 20 லட்சத்தில் 5.4 லட்சமும் 8.4 லட்சமும் சேர்ந்து 13.8 லட்சத்தைச் சம்பளமாகக் கழிக்கலாம். மிஞ்சும் 6.2 லட்சத்துக்கு நிறுவனம் கட்டும் வரி 1,93,440 ரூபாய். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு 6.9 லட்சம் சம்பளம் வருகிறது. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அதற்கு வரியில்லை. நிறுவனம் வரி கட்டியபின் பிரித்துக்கொள்ளும் லாபப் பங்குக்கும் மறுபடி வரியில்லை. பங்குதாரர்கள் போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வரை வட்டி கொடுத்துக் கழித்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

பிரைவேட் லிமிடெட்டில் இயக்குநர் சம்பளத்துக்கு இப்படிப்பட்ட சூத்திர வரம்பு இல்லை. செய்யும் வேலைக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆளுக்கு 10 லட்சம் சம்பளம் என்றால் கம்பெனியின் லாபம் பூஜ்யம். அது சம்பள வருமானம் என்பதால் 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு, ஆக 9.25 லட்சம், வரியில்லை. மூன்றாவது வடிவத்தில் மொத்த வரி பூஜ்யம்.

இதைப் பார்த்ததும் உடனே கம்பெனிக்கு ஓடாதீர்கள். ஆண்டு லாபம் 8 லட்சமாக இருந்த எங்கள் முதல் வருடத்தை இதே வழியில் போட்டுப் பார்த்தேன். புரொப்ரைட்டருக்கு வரி பூஜ்யம். பார்ட்னர்ஷிப்பில் 6.6 லட்சம் கழித்து மிஞ்சும் 1.4 லட்சத்துக்கு 43,680 ரூபாய் வரி. கம்பெனியில் வரி பூஜ்யம் என்றாலும் கட்டாயத் தணிக்கைக்கும் ஆண்டுப் படிவங்களுக்கும் எங்களிடம் கேட்கப்பட்ட தொகை 45,000 ரூபாய். ஆகவே, வேறு வருமானம் இல்லாத ஒருவரின் பெயரில் லாபம் 12 லட்சத்துக்குள் இருக்கும்வரை வரியளவில் புரொப்ரைட்டரை வெல்ல ஆளில்லை. அதைத் தாண்டி, இருவர் உண்மையாகவே உழைத்து லாபத்தைச் சம்பளமாக எடுத்துக்கொள்பவர்களானால் கம்பெனி மலிவாகிறது. லாபத்தை எடுக்காமல் கம்பெனியிலேயே விட்டால், குறைந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய 25.17 சதவீதம் வரி; பின்னால் டிவிடெண்டாக எடுக்கும்போது உங்கள் கையில் இன்னொரு முறை வரி.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறு வியாபாரிகள், கணக்கை விரிவாக எழுதாமல், வங்கி வழியாக வந்த விற்பனையில் குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் என்று லாபம் காட்டும் அனுமான வரித் திட்டம் ஒன்று உண்டு. 2 கோடி வரை விற்பனை உள்ளவர்களுக்கு அது பொருந்தும். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை. புரொப்ரைட்டரும் பார்ட்னர்ஷிப்பும் இதில் சேரலாம். கம்பெனி சேர முடியாது. ஆனால் பார்ட்னர்ஷிப் சேர்ந்தால், அனுமான லாபத்திலிருந்து பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்க விடமாட்டார்கள். 90 லட்சம் விற்பனைக்கு 5.4 லட்சம் லாபம் காட்டும் புரொப்ரைட்டருக்கு வரியில்லை. அதே தொகையைக் காட்டும் பார்ட்னர்ஷிப்புக்கு 1,68,480 ரூபாய். "சின்ன ஃபர்ம்தானே, ஆறு சதவீதம் போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் இந்த எண்ணைக் காட்டுங்கள். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்று வங்கிக் கணக்கே சொல்லும்போது ஆறு சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதும் சரியல்ல; அது குறைந்தபட்ச அளவு மட்டுமே.

3. பார்ட்னர்ஷிப் என்று முடிவானால், பத்திரத்தில் சம்பளம் பற்றிய வாசகத்தைக் கவனியுங்கள்

பத்திரத்தை முத்திரைத்தாளில் எழுத வேண்டும். முத்திரைக் கட்டணங்கள் அண்மையில் திருத்தப்பட்டிருப்பதால், பழைய பத்திரத்தைப் பார்த்துத் தாள் வாங்காமல், வாங்கும் நாளில் பதிவுத்துறையின் அட்டவணையைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் முதல் பத்திரத்தில் "பங்குதாரர்கள் அவ்வப்போது ஒப்புக்கொள்ளும் சம்பளம்" என்று டைப் செய்பவர் தம் வழக்கமான வாசகத்தைப் போட்டிருந்தார். அது போதாது. யாருக்கு எவ்வளவு என்றோ, அதைக் கணக்கிடும் முறை என்ன என்றோ பத்திரத்தில் இருந்தால்தான் கழிவு கிடைக்கும். பங்குதாரர் "உழைக்கும் பங்குதாரர்" என்று குறிப்பிடப்பட வேண்டும்; முதலுக்கான வட்டி விகிதமும் எழுதப்பட வேண்டும். திருத்தப் பத்திரம் எழுதினால் அது அன்றிலிருந்துதான் செல்லும். போன வருடச் சம்பளத்துக்கு இந்த வருடம் எழுதிப் பயனில்லை.

2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பங்குதாரருக்குத் தரும் சம்பளமும் வட்டியும் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். கையில் கொடுக்காமல் பங்குதாரரின் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாக வேண்டும். இதற்காகவே டான் எண் வாங்க வேண்டும். வரியே இல்லாத எங்களுக்குப் பிடித்த தொகை ரிட்டர்ன் போட்டபின் திரும்பி வந்தது. ஆனால் அதுவரை நடைமுறை மூலதனம் கொஞ்சம் முடங்கித்தான் கிடந்தது.

4. ஃபர்மைப் பதிவு செய்யுங்கள். பான், ஜிஎஸ்டி, சிறுதொழிலுக்கான உத்யம் எதுவும் அந்தப் பதிவு ஆகாது

நாங்கள் விழுந்த குழி இதுதான். பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது. பதிவு செய்யாத நிறுவனத்துக்கும் பான் கிடைக்கும், வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் கிடைக்கும், தொழிலும் ஓடும். ஆனால் அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவு, பதிவு செய்யாத நிறுவனம் ஓர் ஒப்பந்தத்தின் அடிப்படையில் வெளியார் மீது வழக்குப் போட முடியாது என்கிறது. 100 ரூபாய்க்கு உட்பட்ட கோரிக்கைக்கு விலக்கு உண்டு. 1932-இல் அது பணம். இந்தத் தடை ஒருவழித் தடை என்பதையும் கவனியுங்கள்: நீங்கள் வழக்குப் போட முடியாதே தவிர, உங்கள் மீது இரும்பு வியாபாரி தாராளமாகப் போடலாம்.

பத்திரத்தை நோட்டரியிடம் சான்று செய்துவிட்டால் பதிவாகிவிட்டது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதுவும் பதிவல்ல. தமிழ்நாட்டில் இது பதிவுத்துறையின் வேலை; விண்ணப்பம் tnreginet.gov.in தளம் வழியாகத் தொடங்கும். தேவைப்படுபவை: எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட்ட விண்ணப்ப அறிக்கை, பத்திரத்தின் நகல், ஒவ்வொருவரின் அடையாள, முகவரிச் சான்றுகள், தொழில் நடக்கும் இடத்தின் வாடகை ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதக் கடிதமும். அறிக்கையில் நிறுவனத்தின் பெயர், முகவரி, ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, முழுப்பெயர், நிரந்தர முகவரி, கூட்டின் காலம் ஆகியவை இருக்கும்.

எங்கள் விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்ததற்குக் காரணம், மச்சானின் ஆதாரில் இனிஷியல் பின்னாலும் பத்திரத்தில் முன்னாலும் இருந்ததுதான். வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண்ணும் மின்கட்டண ரசீதில் புதிய எண்ணும் இருந்தது இன்னொரு தலைவலி. நம் பக்கத்துத் தெருக்களில் இரண்டு எண்களும் புழங்குவதால், ஒப்பந்தத்திலேயே "பழைய எண், புதிய எண்" என்று இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டிக்கும் அது உதவும்.

வழக்குப் போட்டபின் பதிவு செய்தால் அந்த வழக்கு பிழைக்காது. முதலில் பதிவு, பிறகு வழக்கு. பணம் வரவேண்டிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. அதற்குள் பதிவை முடித்துவிட்டால் பழைய பாக்கிக்கும் வழக்குப் போடலாம். எங்களுக்கு அப்போது பதினான்கு மாதங்கள் மீதமிருந்தன. சான்றிதழை வாங்கி வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வந்தது. வட்டியையும் அசலில் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுத்து ஐந்தேகால் லட்சத்தோடு முடித்துக்கொண்டோம். அதுவரை அவர்கள் அலட்சியமாக இருந்ததற்கு, எங்களிடம் பதிவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததே காரணம் என்பது என் ஊகம்.

இன்னொன்று: புதிய பங்குதாரரைச் சேர்த்தால் அவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும். வழக்குப் போடும்போது பங்குதாரர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதும் அதே பிரிவின் நிபந்தனைதான்.

வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை, அதாவது எல்எல்பி, நல்லதில்லையா என்று கேட்பார்கள். பொறுப்பில் அது கம்பெனிக்குப் பக்கத்தில் நிற்கிறது. வரியில் பார்ட்னர்ஷிப்போடு அதே 30 சதவீதம். அனுமான வரித் திட்டமும் அதற்கில்லை. எங்கள் எண்களுக்கு அது பொருந்தவில்லை.

5. பிரைவேட் லிமிடெட் என்றால், தொடங்கும் செலவைவிடத் தேதிகளுக்குப் பயப்படுங்கள்

குறைந்தது இரண்டு பங்குதாரர்கள், இரண்டு இயக்குநர்கள் தேவை. ஒரே இருவர் இரண்டுமாக இருக்கலாம். கம்பெனிப் பதிவுக்கான SPICe+ படிவத்தின் முதல் பகுதியில் பெயர் ஒதுக்கீட்டுக்கு 1,000 ரூபாய். ஒதுக்கிய பெயர் 20 நாட்கள் நிற்கும். அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் 15 லட்சத்துக்குள் இருந்தால் பதிவுக் கட்டணம் இல்லை. மாநில முத்திரைக் கட்டணமும் இருவருக்கும் டிஜிட்டல் கையெழுத்துச் செலவும் தனி. பான், டான் இரண்டும் இதோடே வந்துவிடும்.

செலவு அதற்குப் பிறகுதான். பதிவான 30 நாட்களுக்குள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும். பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, 180 நாட்களுக்குள் தொழில் தொடங்கியதற்கான INC-20A படிவத்தைக் கொடுக்க வேண்டும். தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தனி. ஒரு ரூபாய்க்குக்கூட வியாபாரம் நடக்காத ஆண்டிலும் தணிக்கை உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்திலிருந்து 30 நாட்களுக்குள் நிதிநிலைக் கணக்குகளுக்கான AOC-4, 60 நாட்களுக்குள் ஆண்டு அறிக்கைக்கான MGT-7A. தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. தொடங்கிவிட்டு மறந்துபோன கம்பெனி ஓராண்டில் இரண்டு படிவத்துக்குமாக 73,000 ரூபாயை விழுங்கும்.

புரொப்ரைட்டராக இருந்து வந்தவர்களின் கைப்பழக்கம் இங்கே ஆபத்து. பட்டறைக் கல்லாவிலிருந்து பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எடுத்தது போலக் கம்பெனிக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவருக்குக் கம்பெனி கடனாகக் கொடுக்கும் பணம், சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு டிவிடெண்டாகவே கருதப்பட்டு வரி போடப்படும். எடுப்பதைச் சம்பளமாக எடுங்கள். அதற்கு இயக்குநர் குழுத் தீர்மானமும் மாதாமாதம் வங்கி வழிப் பட்டுவாடாவும் இருக்கட்டும்.

6. வடிவம் மாறினால் பான் மாறும்; பான் மாறினால் எல்லாம் மாறும்

புரொப்ரைட்டரிலிருந்து பார்ட்னர்ஷிப்புக்கோ, அதிலிருந்து கம்பெனிக்கோ போகும்போது ஜிஎஸ்டியைத் திருத்த முடியாது. புதிதாக வாங்க வேண்டும். பழைய எண்ணில் மிச்சமுள்ள உள்ளீட்டு வரி வரவை, பழைய பதிவை ரத்து செய்வதற்கு முன் ITC-02 படிவத்தில் தணிக்கையாளர் சான்றோடு புதிய எண்ணுக்கு மாற்ற வேண்டும். முதலில் ரத்து செய்துவிட்டுப் பிறகு யோசித்தவர்களின் வரவு அங்கேயே தங்கிவிடும்.

அரசு அலுவலகத்தைவிட எங்களைக் காக்க வைத்தது வாடிக்கையாளர்களின் கொள்முதல் துறைதான். பெரிய ஆலைகளில் வெண்டார் கோட் பானோடு கட்டப்பட்டிருக்கும். பின்னர் நாங்கள் கம்பெனியாக மாறியபோது புதிய கோட் வர இரண்டு இடங்களில் ஏழு வாரங்கள் ஆயின. அதுவரை புதிய பெயரில் பில் போட முடியவில்லை. ஆகவே ஏப்ரல் மாதத்தில், நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்கள் குறைவாக இருக்கும்போது மாறுங்கள். பழைய நிறுவனத்தின் வங்கிக் கணக்கைக் கடைசிப் பாக்கி வரும்வரை மூடாதீர்கள்.

7. பார்ட்னர்ஷிப்பிலிருந்து ஒருவர் விலகினால்

விலகல் பத்திரம் எழுதிக் கைகுலுக்கிவிட்டுப் போனால் போதாது. பொது அறிவிப்பு கொடுக்கும்வரை, அவர் விலகியதை அறியாத வெளியாருக்கு அவர் பொறுப்பாளராகவே நீடிக்கலாம். பதிவான நிறுவனத்துக்குப் பொது அறிவிப்பு என்றால் மூன்று: ஃபர்ம் பதிவாளருக்குத் தகவல், அரசிதழில் அறிவிப்பு, மாவட்டத்தில் புழங்கும் ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு. நாளிதழ் விளம்பரத்தோடு நிறுத்திக்கொள்பவர்கள் அதிகம். ஜிஎஸ்டிக்கு இது தனிக் கணக்கு: விலகிய ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால், தகவல் அவருக்குப் போய்ச் சேரும் நாள்வரை உள்ள வரிப் பாக்கிக்கு விலகியவரும் பொறுப்பு. அந்தக் கடிதத்தின் ஒப்புகையை விலகல் பத்திரத்தோடேயே தைத்து வையுங்கள். நோட்டீஸ் வரும்போது தேடுவது அந்த ஒரு தாளைத்தான்.